ஹை டெம்ப் ட்ரிப்பும் 170 பக்க மேனுவலும்

ஸ்க்ரூ கம்ப்ரெஸரோடு வரும் மேனுவலின் கடைசியில் கோளாறு அட்டவணை என்று ஒன்று இருக்கும். இடது பக்கம் கோளாறு, நடுவில் காரணம், வலது பக்கம் செய்ய வேண்டியது. எங்கள் 37 கிலோவாட் மெஷினின் மேனுவலில் 'வெப்பநிலை அதிகம்' என்ற ஒரே வரிக்கு எதிரே ஒன்பது காரணங்கள் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் குறைவு, ரூம் சூடு, கூலர் அடைப்பு, ஃபேன் ஓடவில்லை, தெர்மோஸ்டாட் வால்வு பழுது, எண்ணெய் ஃபில்டர் அடைப்பு, செப்பரேட்டர் அடைப்பு, தவறான எண்ணெய், சென்சார் கோளாறு. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் மத்தியானம் இரண்டரை மணிக்கு மெஷின் நின்று, லைனில் பிரஷர் இறங்கி, புரொடக்‌ஷன் ஆள் வந்து தலைமேல் நிற்கும்போது இந்த ஒன்பதில் எதை முதலில் பார்ப்பது என்று அது சொல்வதில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று தொடங்கினால் நாலாவது காரணத்துக்கு வருவதற்குள் மெஷின் ஆறிவிடும், யாராவது ரீசெட்டை அழுத்துவார்கள், ஓடும். அதோடு விஷயம் முடிந்தது. மறுநாள் அதே இரண்டரை மணி.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக வாளையார்ப் பக்கமிருந்து அடிக்கிற காற்று ஊர்ப் புழுதியை எல்லாம் கொண்டுவந்து கூலர் ஃபின்னில் அடைத்துவிட்டுப் போகும். அப்புறம் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். இரண்டும் சேரும்போது இந்த வட்டாரத்துக் கம்ப்ரெஸர்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடத் தொடங்கிவிடும்.

மேனுவல் 170 பக்கம். அதைச் சுருக்கி, கம்ப்ரெஸர் ரூம் கதவில் தொங்கவிடுகிற மாதிரி கோளாறுக்கு ஒரு தாள் போடலாம் என்று இறங்கினேன். இறங்கிய பிறகு தெரிந்தது, பக்கத்தைக் குறைப்பது இதில் சின்ன வேலைதான். மேனுவல் மெஷினின் உறுப்புகளின் வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது: கூலருக்கு ஒரு அத்தியாயம், கண்ட்ரோலருக்கு ஒன்று, நிறுவுவதற்கு ஒன்று. டெக்னீஷியன் முன்னால் உறுப்புகள் வந்து நிற்பதில்லை, ஒரு டிஸ்ப்ளேயும் ஒரு சத்தமும் ஒரு வாடையும்தான் வந்து நிற்கின்றன. ஆகவே ஒரே கோளாறுக்கு வேண்டிய தகவல் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். ரூம் சூடு 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது நிறுவும் அத்தியாயத்தில். மெஷின் 105 டிகிரியில் எச்சரித்து 110-இல் நிற்கும் என்பது கண்ட்ரோலர் அத்தியாயத்தில். ஃபேனுக்குத் தனி மோட்டார், தனி ஓவர்லோட் ரிலே இருக்கிறது என்பது பின்னால் மின்சுற்றுப் படத்தில் மட்டும். கடைசி அட்டவணையை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தொங்கவிட்டால் இதில் ஒன்றும் அங்கே வராது.

அதனால் மேனுவலை மூடிவைத்துவிட்டு முதலில் பிரேக்டவுன் ரிஜிஸ்டரை எடுத்தேன். கடைசி இரண்டு வருஷத்து வரிகளைப் படித்தால் கம்ப்ரெஸரில் வந்த புகார் திரும்பத் திரும்ப ஐந்தாறுதான். ஸ்டார்ட் ஆகவில்லை, ஹை டெம்ப் ட்ரிப், பிரஷர் ஏறவில்லை, காற்றில் எண்ணெய், காற்றில் தண்ணீர், ஓவர்லோட் ட்ரிப். மேனுவல் அட்டவணையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன, அவை எங்கள் ரிஜிஸ்டரில் தலைகாட்டவே இல்லை. அவற்றை விட்டுவிட்டேன். வந்தால் மேனுவல் அலமாரியில்தானே இருக்கிறது.

இந்தப் பதிவில் ஹை டெம்ப் தாளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலேதான் சரக்கு அதிகம்.

ஒன்பது காரணத்தையும் வைத்துக்கொண்டு நான் தேடியது ஒரே விஷயம்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், கண்ணாலும் கையாலும் பார்த்தே இவற்றை இரண்டு மூன்று கும்பலாகப் பிரிக்க முடியுமா? எங்கள் சீனியர் ஃபிட்டர் ஒருவர், கொழிஞ்சாம்பாறைக்காரர், ரிடையர் ஆகப் போகிறவர். அவரிடம் கேட்டேன். "ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு நேரத்துல நின்னுச்சுன்னு கேளுங்க தம்பி, பாதி அதுலயே தெரிஞ்சுடும்" என்றார். மேனுவலில் எந்தப் பக்கத்திலும் இந்த வரி இல்லை. ஆனால் மேனுவலில் இருக்கிற எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது.

எப்படி என்றால், இந்த மாதிரி மெஷினில் காற்றை அழுத்தும்போது வரும் சூட்டைப் பெரும்பாலும் எண்ணெய்தான் வாங்கிக்கொண்டு போகிறது. ஸ்க்ரூ சுற்றிக் காற்றை அழுத்துகிற பாகமான ஏர் எண்டுக்குள் எண்ணெய் போகவே இல்லை என்றால் சூட்டைத் தூக்கிப்போக ஆளே இல்லை, ஒரு நிமிஷத்துக்குள்ளேயே டெம்பரேச்சர் விருட்டென்று ஏறி நின்றுவிடும். எண்ணெய் சுற்றுகிறது, ஆனால் ஆறவே இல்லை என்றால் அந்த எண்ணெயும் இரும்பும் சூடாக நேரம் பிடிக்கும். 37 கிலோவாட் சூடு, 20 லிட்டர் போல எண்ணெய், ஏர் எண்ட், டேங்க் எடை என்று தோராயமாகக் கணக்குப் போட்டால் குளிர்ந்த நிலையிலிருந்து லோடில் ஓட்டி நாலு, ஐந்து நிமிஷத்தில் 110 வருகிறது. எண்ணெய் ஆறத்தான் ஆறுகிறது, போதுமான அளவுக்கு ஆறவில்லை என்றால் அரைமணி, முக்கால் மணி ஓடி, ரூமும் சேர்ந்து சூடான பிறகுதான் நிற்கும். அப்புறம் நாலாவதாக ஒன்று. டிஸ்ப்ளேயில் எண் ஏறவே இல்லை, 82-லிருந்து சட்டென்று 140-க்குத் தாவுகிறது, இல்லையென்றால் மெஷின் ஒரு மணி நேரமாக நின்று கிடந்தும் 110 என்றே காட்டுகிறது. எந்த இரும்பும் அப்படித் தாவாது, அது சென்சார் அல்லது அதன் வயர். பிடி 100 சென்சார் என்றால் கனெக்டரைக் கழற்றி மல்ட்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்: 0 டிகிரியில் 100 ஓம், 35 டிகிரியில் 113 ஓமுக்குச் சற்று மேல், 100 டிகிரியில் 138.5 ஓம். ஆறிய மெஷினில் 200 ஓம் காட்டினாலோ மீட்டர் ஓப்பன் என்று காட்டினாலோ வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

ஆக ஒன்பது காரணம் நாலு கும்பலாகிவிட்டது, அதுவும் கடிகாரத்தையும் டிஸ்ப்ளேயையும் மட்டும் பார்த்து.

ஐந்து நிமிஷக் கும்பலில் முக்கியமாக இரண்டு பேர்: ஃபேன் ஓடவில்லை, அல்லது தெர்மோஸ்டாட் வால்வு சிக்கிக்கொண்டு எண்ணெயைக் கூலர் பக்கமே விடவில்லை. (இந்த வால்வின் வேலை, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கூலருக்கு அனுப்பாமல் குறுக்கு வழியில் திருப்பிவிடுவது. 70 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கவில்லை என்றால் சூடான எண்ணெய் சூடாகவே சுற்றிக்கொண்டிருக்கும்.) இரண்டையும் பிரிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மெஷின் ஓடும்போது மேலே வெப்பக்காற்று வெளியேறும் கிரில்லுக்கு ஒரு சாண் மேலே கையைக் காட்ட வேண்டியதுதான். காற்றே வரவில்லை, ஃபேன். காற்று நன்றாக வருகிறது, டிஸ்ப்ளேயில் 100 காட்டுகிறது, ஆனால் வருகிற காற்றில் சூடே இல்லை, வால்வு. கூலருக்குள் சூடான எண்ணெய் போனால்தானே காற்று சூடாகும்! மேனுவலில் இந்த இரண்டு காரணங்களும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ஒன்றுக்கு 'ஃபேன் மோட்டாரைச் சரிபார்க்கவும்' என்றும் இன்னொன்றுக்கு 'வால்வை மாற்றவும்' என்றும் போட்டு நிறுத்திவிட்டார்கள். கையைக் காட்டிப் பார்க்காமல் வால்வு மாற்றி, எண்ணெயை வடித்து, மறுபடி ஊற்றி, கடைசியில் ஃபேனின் ஓவர்லோட் ரிலே விழுந்து கிடந்தது என்று கண்டுபிடித்த கதைகள் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் நிறைய உண்டு.

ஒரு நிமிஷக் கும்பலுக்கு எண்ணெய் மட்டம், எண்ணெய் ஃபில்டர், எண்ணெயைத் திறந்துவிடும் ஸ்டாப் வால்வு. இங்கே தாளில் தடித்த எழுத்தில் போட்டது, இப்படி நின்றால் இரண்டாம் முறை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்பது. மற்ற ட்ரிப்புக்கு ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பார்ப்பதில் பெரிய நஷ்டமில்லை. எண்ணெய் இல்லாமல் ஸ்க்ரூ சுற்றினால் போவது ஏர் எண்ட், மெஷினில் இருப்பதிலேயே விலை கூடின சாமான் அதுதான்.

அரைமணிக் கும்பல்தான் எங்கள் ஊர் வியாதி. இங்கே ஒரு கணக்கு உதவும். இழுக்கிற காற்று ஒரு டிகிரி கூடினால் ஏர் எண்ட் வெளியேற்றும் டெம்பரேச்சரும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். காலையில் 30 டிகிரியில் 85 காட்டுகிற நல்ல மெஷின் மத்தியானம் 40 டிகிரியில் 95 காட்டும், ட்ரிப்புக்கு இன்னும் 15 மிச்சம். அந்த 15-ஐத் தின்பது இரண்டுதான்: ஒன்று ஃபின்னில் புழுதி, இன்னொன்று மெஷின் தான் வெளியே விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுப்பது. இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. ரூமில் தெர்மாமீட்டர் இருக்கும், அது கதவோரத்தில் மாட்டியிருக்கும், 40 காட்டும், 45-க்குக் கீழேதானே என்று விட்டுவிடுவார்கள். அதையே கழற்றி மெஷின் காற்றிழுக்கும் ஜாலிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் தொங்கவிட்டால் 48, 50 என்று காட்டுவது உண்டு. அப்படியானால் குழப்பம் சூடான காற்றை வெளியே கொண்டுபோகிற டக்டில், கூலரைக் கழுவிப் பிரயோஜனமில்லை. ரூமில் அட்டைப்பெட்டி அடுக்கி வென்டிலேட்டரை அடைத்திருப்பார்கள், அல்லது டக்டின் கித்தான் மூட்டு கிழிந்து சூடான காற்று ரூமுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தாளில் இந்தக் கும்பலுக்கு முதல் வரி: 'ஜாலிப் பக்கம் தெர்மாமீட்டர் வை. ரூம் சூட்டைவிட 5 டிகிரிக்கு மேல் கூட இருந்தால் டக்டைப் பார். இல்லையென்றால் கூலரைப் பார்.' அந்த 5 டிகிரி என்ற எண் மேனுவலில் கிடையாது, நானும் அந்த ஃபிட்டரும் பேசி வைத்துக்கொண்டது. மேனுவலில் இல்லாத எண்களுக்கு எல்லாம் தாளில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன். நாளைக்கு யாராவது மாற்ற நினைத்தால் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தெரிய வேண்டுமே.

கூலர் சுத்தம் பண்ணுவதற்கு மேனுவலில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, நான் எடுத்தது மூன்று வரி. ஃபேன் காற்று போகும் திசைக்கு எதிர்த் திசையில் ஊது. ஏர் கன்னை ஃபின்னுக்கு நேராகப் பிடி, சாய்த்துப் பிடித்தால் ஃபின் மடங்கும். எண்ணெய் கசிந்து புழுதி களிம்பாக ஒட்டியிருந்தால் ஊதுவதில் பலனில்லை, டிக்ரீசர் போட்டுக் கழுவ வேண்டும், அதற்கு ஷட் டவுன் கேள். டார்ச்சைக் கூலருக்குப் பின்னால் பிடித்து முன்பக்கமிருந்து பார்த்தால் எங்கே வெளிச்சம் வருகிறது, எங்கே வரவில்லை என்று தெரிந்துவிடும். இது அந்தக் காலத்து ரேடியேட்டர் கடைக்காரர்கள் பண்ணுகிற வேலை, தாளில் இதற்கும் இடம் கொடுத்தேன்.

இப்போது பாதுகாப்பு விஷயம். மேனுவலில் முதல் 12 பக்கம் எச்சரிக்கைதான். யாரும் படிப்பதில்லை, படித்தாலும் எண்ணெய் மூடியைத் திறக்கும் நேரத்தில் ஞாபகம் வராது. தாளின் தலையில் மொத்தமாகப் போட்டாலும் அதே கதிதான். அதனால் எந்த வேலையில் ஆபத்தோ அந்த வரிக்கு நேர் மேலே, சிவப்பில் போட்டேன். எண்ணெய் மட்டம் பார்ப்பதற்கு மேலே: 'நிறுத்து, ஐசொலேட்டரை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போடு, டேங்க் பிரஷர் கேஜ் பூஜ்யம் காட்டும்வரை மூடியைத் தொடாதே.' உள்ளே பிரஷர் இருக்கும்போது மூடியைத் தளர்த்தினால் 90 டிகிரி எண்ணெய் முகத்தில் அடிக்கும். பூட்டு எதற்கு என்றால், இந்த மெஷின் லைன் பிரஷர் இறங்கினால் யாரையும் கேட்காமல் தானாக ஸ்டார்ட் ஆகும் வகை. நின்றிருக்கிறது என்று நம்பி ஃபேன் பக்கம் கையை விடக் கூடாது. மட்டத்தை நிறுத்திய பிறகுதான் பார்க்க வேண்டும் என்பதும் அந்த வரியிலேயே வந்துவிட்டது. ஓடும்போது சைட் கிளாஸில் தெரிவது வேறு, நிறுத்திச் சில நிமிஷம் கழித்துத் தெரிவது வேறு. ஓடும்போது பார்த்துவிட்டுக் குறைவு என்று ஊற்றினால் அப்புறம் அளவு மீறி, காற்றோடு எண்ணெய் போகத் தொடங்கும். ஹை டெம்ப் புகார் காற்றில் எண்ணெய் புகாராக உருமாறுவது இப்படித்தான்.

வேண்டுமென்றே விட்டதும் ஒன்று உண்டு. ட்ரிப் அளவை 110-லிருந்து உயர்த்துவது எப்படி என்று கண்ட்ரோலர் அத்தியாயத்தில் படிப்படியாக இருக்கிறது, சர்வீஸ் பாஸ்வேர்டும் ஷாப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். இளம் டெக்னீஷியன் ஒருவர் "அதையும் போட்டுருங்க சார், கோடை போற வரைக்கும் 115 வெச்சு ஓட்டிக்கலாம்" என்றார். போடவில்லை. எண்ணெயின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு, கருகிய எண்ணெய் கூலருக்குள்ளேயும் செப்பரேட்டரிலும் பசையாகப் படியும், அடுத்த கோடையில் 115-உம் போதாது. இதே மாதிரி சேஃப்டி வால்வு செட்டிங், ஃபேஸ் ரிலே பைபாஸ் இரண்டும் தாளில் கிடையாது. வெளியே லைனில் வேலை நடந்த மறுநாள் மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் ஃபேஸ் கோளாறு காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஃபேஸ் மாறியிருக்கும்போது ரிலேயைத் தாண்டி ஓட்டினால் ஸ்க்ரூ தலைகீழாகச் சுற்றும்.

தாள் சரியா என்று பார்க்க மெஷினைக் கெடுக்க வேண்டியதில்லை. ரிஜிஸ்டரிலிருந்து பழைய ஹை டெம்ப் வரிகளைக் காரணத்தை மறைத்து, என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நைட் ஷிஃப்ட் ஆட்களிடம் தாளோடு சேர்த்துக் கொடுத்தேன். வேலந்தாவளத்துப் பையன் ஒருவன், மெஷினை அதிகம் தொட்டுப் பழகாதவன், 'ராத்திரி ரெண்டு மணி, ஸ்டார்ட் பண்ணி அஞ்சாறு நிமிஷத்துல நின்னுச்சு, எண்ணெய் சரி' என்ற சீட்டை வாங்கி நேராக ஐந்து நிமிஷக் கட்டத்துக்கு வந்து, "கிரில்லுல காத்து வந்துச்சாங்க சார்?" என்று கேட்டான். ரிஜிஸ்டரில் அது எழுதியிருக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கண்டுபிடித்தது ஃபேன் ஓவர்லோட்தான். அதிலிருந்து ரிஜிஸ்டரிலும் இரண்டு கட்டம் கூட்டினோம்: ஸ்டார்ட் ஆகி எத்தனை நிமிஷம், கிரில்லில் காற்று எப்படி.

மற்றத் தாள்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், காற்றில் தண்ணீர். ஆனி, ஆடியில் பெயிண்ட் கன்னில் தண்ணீர் தெறிக்கிறது என்று வரும் புகார். மேனுவல் 'ஆட்டோ ட்ரெயினைச் சரிபார்க்கவும்' என்கிறது. எப்படிச் சரிபார்ப்பது? டெஸ்ட் பட்டனை அழுத்தினால் புஸ் என்று சத்தம் வரும், சரியாக இருக்கிறது என்று போய்விடுவார்கள். நான் தாளில் வாளி வைக்கச் சொன்னேன். எங்கள் மெஷின் நிமிஷத்துக்கு 6 கன மீட்டர் காற்று இழுக்கிறது. மழைக்காலத்து 30 டிகிரிக் காற்றில், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் இருக்கும். அழுத்திய காற்றை ஆறவைக்கும் ஆஃப்டர்கூலருக்கு அப்புறம் ட்ரெயினில் மணிக்கு ஐந்தாறு லிட்டராவது விழ வேண்டும், அதுவும் முழு லோடில் ஓடினால். ஒரு மணி நேரம் வாளி வைத்து ஒரு டம்ளர்தான் விழுந்திருக்கிறது என்றால் பட்டன் என்ன சத்தம் போட்டாலும் ட்ரெயின் அடைத்திருக்கிறது, மிச்சத் தண்ணீர் டிரையர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இதே வாளியைப் பங்குனி மத்தியானத்தில் வைத்தால் ஒரு லிட்டர்கூட நிறையாது, காற்று அவ்வளவு காய்ந்து கிடக்கும், அது கோளாறில்லை. அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் 'மழைக்காலத்தில் மட்டும்' என்று சேர்த்தேன்.

தாள்கள் ஏ4 அளவு, லேமினேட் பண்ணி, எண்ணெய்க் கையோடு புரட்டுகிற மாதிரி வளையத்தில் கோத்துத் தொங்குகின்றன. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பொடி எழுத்தில் மேனுவலின் பக்க எண் இருக்கிறது, அது டெக்னீஷியனுக்கு இல்லை, அடுத்து யார் இந்தத் தாளைத் திருத்துகிறார்களோ அவர்களுக்கு. மெஷினின் சீரியல் நம்பரும் தேதியும் தலைப்பில் இருக்கின்றன. பக்கத்து ஷெட்டில் இருப்பதும் அதே கம்பெனி மெஷின்தான், ஆனால் அதில் ஃபேன் மெயின் மோட்டார் ஷாஃப்ட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, தனி ஓவர்லோட் கிடையாது. இந்தத் தாளை நகலெடுத்து அங்கே மாட்டக் கேட்டார்கள். அந்த ஐந்து நிமிஷக் கட்டத்தை முதலில் மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு அவர்களுடைய மின்சுற்றுப் படம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.